தன்னைப் பற்றி எட்டு வரி

நூலாசிரியர் குறிப்பு அடக்கத்தில் கரைந்துபோகிறதா, புகழில் மூழ்கிப்போகிறதா? கண்டுபிடிப்பது எப்படி, சரிசெய்வது எப்படி?

சென்னைப் புத்தகக் காட்சியில் ஒரு கடைமுன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் தெரியும். பெயர் தெரியாத எழுத்தாளரின் புத்தகத்தைக் கையில் எடுப்பவர் முதலில் அட்டையைப் பார்க்கிறார். உடனே புத்தகத்தைத் திருப்புகிறார். பின்னட்டையில் ஒரு சின்னப் புகைப்படம், அதற்குக் கீழே எட்டு வரி. அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே புரட்டுகிறார், அல்லது இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நகர்கிறார்.

அந்த எட்டு வரியைப் பெரும்பாலும் நூலாசிரியரே எழுதுகிறார். “அட்டை நாளைக்கு பிரஸ்ஸுக்குப் போகுது, உங்களைப் பத்தி ஒரு எட்டு வரி அனுப்பிடுங்க” என்று பதிப்பகத்திலிருந்து போன் வரும். மூன்று வருஷம் உட்கார்ந்து புத்தகத்தை எழுதியவர் தன்னைப் பற்றிய குறிப்பை ஒரே ராத்திரியில் எழுதி அனுப்புகிறார். அச்சில் வரும்போது அது ‘இவர்’ என்று படர்க்கையில் நிற்கிறது. பேசுவது யார் என்று வாசகருக்குத் தெரிவதில்லை. ஆனால் குரல் தெரிந்துவிடுகிறது. கூனிக் குறுகி நிற்கும் குரலா, மார்தட்டும் குரலா என்பதை இரண்டாவது வரியிலேயே கண்டுகொள்கிறார்.

அப்படிப்பட்ட குறிப்புகளைத் திருத்துகிறவர்கள் பலர் செய்யும் தவறு, அடக்கமான குறிப்பில் கொஞ்சம் புகழைச் சேர்ப்பதும், பெருமையடிக்கும் குறிப்பில் கொஞ்சம் புகழைக் குறைப்பதும். உப்பு கூடக் குறைய இருப்பதைப் போல இதை நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இரண்டு குறிப்புகளிலும் இருப்பது ஒரே கோளாறுதான். இரண்டிலும் அந்த ஆள் என்ன செய்தார் என்பது இல்லை. அவரைப் பற்றிய தீர்ப்பு மட்டும் இருக்கிறது. ஒன்றில் ‘நான் ஒன்றுமில்லை’ என்ற தீர்ப்பு, மற்றதில் ‘நான் பெரியவன்’ என்ற தீர்ப்பு. செய்தி வந்து உட்கார்ந்துவிட்டால் இரண்டும் தானாகவே நிதானத்துக்கு வந்துவிடும்.

இரண்டு வரைவுகள்

கீழே இருப்பவை மாதிரிக்காக நான் அமைத்த வரைவுகள். ஆட்கள் கற்பனை. ஆனால் வாக்கியங்கள் ஒவ்வொன்றும் நாம் அடிக்கடி பார்க்கிறவைதான்.

முதலாவது, ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவருடையது. மலைக் கிராமங்களில் பிரசவம் பார்த்த அனுபவங்களைப் புத்தகமாக எழுதியிருக்கிறார்.

“நான் ஒரு சாதாரண செவிலியர். அதிகம் படிக்காதவள். எழுத்து என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. ஏதோ என் அனுபவத்தில் பட்டதைக் கிறுக்கியிருக்கிறேன். குற்றம் குறை இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். இந்த வாய்ப்பைக் கொடுத்த பதிப்பாளருக்கும், ஊக்கப்படுத்திய என் கணவருக்கும் நன்றி.”

இரண்டாவது, ஒரு கவிஞருடையது. மூன்றாவது தொகுப்பு வெளிவருகிறது.

“பன்முக ஆளுமையான இவர், தமிழ்க் கவிதையுலகில் தனக்கெனத் தனியிடம் பிடித்தவர். உலகெங்கும் வாழும் தமிழர்களின் இதயங்களைக் கவர்ந்தவர். எண்ணற்ற விருதுகளையும் பட்டங்களையும் பெற்றுள்ளார். பன்னாட்டுக் கருத்தரங்குகளில் பங்கேற்றுத் தமிழின் பெருமையைப் பறைசாற்றியவர். இவரது கவிதைகள் பல மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டுள்ளன. எளிமையும் தன்னடக்கமும் இவரது அணிகலன்கள்.”

இரண்டையும் படித்து முடித்தபின் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்த இரண்டு பேரைப் பற்றி நமக்கு இப்போது என்ன தெரியும்? ஒருவர் செவிலியர் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. எந்த ஊர், எத்தனை வருஷம், ஏன் இந்தப் புத்தகம் என்று ஒரு விவரமும் இல்லை. முதல் குறிப்பை எந்தப் புது எழுத்தாளரின் பின்னட்டையிலும் ஒட்டலாம். இரண்டாவதை எந்தக் கவிஞரின் பின்னட்டையிலும் ஒட்டலாம். பெயரை மாற்றினாலும் பொருந்துகிற குறிப்பு, அந்தப் பெயருக்கு உரியவரைப் பற்றிய குறிப்பாகாது. இதுதான் முதல் சோதனை.

எழுதியவருக்கு ஏன் தெரிவதில்லை?

இந்தச் செவிலியரிடம் போய் “ரொம்ப அடக்கமாக எழுதியிருக்கிறீர்கள்” என்றால் நம்பமாட்டார். கவிஞரிடம் “பெருமை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது” என்றால் வருத்தப்படுவார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. தன் குரல் தன் காதுக்கு எப்படிக் கேட்கிறதோ அப்படித்தான் பிறருக்கும் கேட்கும் என்று நம்புகிறார்கள்.

ஐரீன் ஸ்கோபெலிட்டி, யோகிம் வோஸ்கெராவ், ஜார்ஜ் லோவன்ஸ்டீன் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. தன் சாதனையைச் சொல்பவர், கேட்பவர் நமக்காக மகிழ்வார் என்பதை இருப்பதைவிடக் கூடுதலாக மதிப்பிடுகிறார். கேட்பவருக்கு எரிச்சல் வரும் என்பதைக் குறைத்து மதிப்பிடுகிறார். சொல்லும்போது தனக்குள் எழுகிற பெருமிதம் எதிரில் இருப்பவருக்கும் எழும் என்ற கணக்கில் இந்தப் பிசகு விழுகிறது. அதே ஆய்வின் ஒரு பகுதியில் சிலரைத் தங்களைப் பற்றி ஒரு அறிமுகக் குறிப்பு எழுதச் சொன்னார்கள். படிப்பவருக்கு உங்கள்மேல் ஆர்வம் வரும்படி எழுதுங்கள் என்று அவர்களில் ஒரு பகுதியினரிடம் கூடுதலாகச் சொன்னார்கள். அப்படி மெனக்கெட்டு எழுதியவர்களின் குறிப்புகளைத்தான் படித்தவர்கள் அதிகம் தற்பெருமையாகக் கண்டார்கள்; அவர்களைத்தான் குறைவாக விரும்பினார்கள்.

மறுபக்கமும் ஆராயப்பட்டிருக்கிறது. கிறிஸ்டின் எக்ஸ்லி, ஜட் கெஸ்லர் இருவரும் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்களையும் பெண்களையும் கணிதமும் அறிவியலும் கலந்த ஒரு தேர்வு எழுதவைத்து, பிறகு தங்கள் திறனைத் தாங்களே மதிப்பிடச் சொன்னார்கள். ஒரே மதிப்பெண் எடுத்தவர்களில் பெண்கள் தங்களைக் குறைத்துச் சொன்னார்கள். எத்தனை கேள்விக்குச் சரியாக விடை எழுதினார்கள் என்பதைத் தெரியப்படுத்திய பிறகும் அந்த இடைவெளி மறையவில்லை. அதாவது உண்மை நிலவரம் தெரியாததால் வந்த தயக்கம் என்று இதை முழுக்கச் சொல்லிவிட முடியாது. எண் கண்முன் இருந்தும், அந்த எண்ணுக்கு என்ன பெயர் வைப்பது என்ற இடத்தில் ஒருவர் ‘நன்றாகச் செய்தேன்’ என்கிறார், இன்னொருவர் ‘ஏதோ பரவாயில்லை’ என்கிறார்.

இந்த இரண்டு ஆய்வுகளிலிருந்தும் திருத்துகிறவர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். தன்னைப் பற்றிய மதிப்பீட்டுச் சொல்லை ஒருவர் எடை போட்டுச் சரியாகத் தேர்ந்தெடுப்பார் என்று எதிர்பார்க்கக் கூடாது. ‘சாதாரண’ என்ற சொல்லையும் ‘தனியிடம் பிடித்த’ என்ற சொல்லையும் கூட்டிக் குறைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. அந்தச் சொற்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று போக வேண்டும்.

பாயிரம் கேட்ட கேள்விகள்

இந்தச் சிக்கல் நம் இலக்கண ஆசிரியர்களுக்குப் பழக்கமானது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில், ஒரு நூலின் முகப்பில் வரும் பாயிரத்துக்கே தனிப் பகுதி உண்டு. நூலைச் செய்தவர் எவ்வளவு ஆற்றல் உள்ளவராக இருந்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்கிறது நன்னூல். அதனால் சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியர் எழுதக் கூடாது. அவருடைய ஆசிரியர், உடன் படித்தவர், மாணவர், உரையாசிரியர் ஆகியோரில் ஒருவர் எழுத வேண்டும் என்று ஏற்பாடு செய்துவைத்திருக்கிறது.

அந்தச் சிறப்புப்பாயிரத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கும் பட்டியல் இருக்கிறது. ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், அமைப்பு, சொல்லும் பொருள், யார் கேட்பதற்கு, என்ன பயன் என்று எட்டு. காலம், அரங்கேறிய களம், எழுதிய காரணம் மூன்றையும் சேர்த்துச் சொல்வாரும் உண்டு. இந்தப் பதினொன்றில் ‘எவ்வளவு பெரியவர்’ என்ற கேள்வியே இல்லை. எல்லாமே விடை சொல்லக்கூடிய, சரிபார்க்கக்கூடிய கேள்விகள்.

தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்தவர் பனம்பாரனார். தொல்காப்பியரோடு உடன் கற்றவர் என்று மரபு சொல்லும். வடக்கே வேங்கடம், தெற்கே குமரி என்று எல்லையைச் சொல்லித் தொடங்குகிறார். எதை ஆராய்ந்து இந்த நூல் செய்யப்பட்டது, பாண்டியன் அவையில் எந்த ஆசான் முன்னிலையில் அது அரங்கேறியது, நூலாசிரியர் எந்த இலக்கணத்தில் தேர்ந்தவர் என்பதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் புகழுக்கு வருகிறார். அந்த இடத்துக்கு வரும்போது அந்தப் புகழ் நமக்கு மிகையாகவே தோன்றுவதில்லை. ஏனென்றால் அதைத் தாங்குகிற செய்திகள் முன்னாலேயே வந்துவிட்டன.

அப்படியானால் அவையடக்கம்? கம்பர் தன்னை அவ்வளவு தாழ்த்திக்கொண்டு பாடவில்லையா என்று கேட்கலாம். பாடினார். ஆனால் அந்தத் தாழ்ச்சியோடு அவர் எதையும் மறைக்கவில்லை. வடமொழியில் இந்தக் கதையைச் செய்தவர்கள் உண்டு, அவர்களில் முதலானவரைத் தான் பின்பற்றுகிறேன் என்று வழியைச் சொல்கிறார். சடையனுடைய வெண்ணெய்நல்லூரில் பிறந்த நூல் என்று இடத்தையும், ஆதரித்தவரையும் சொல்கிறார். செய்தியைச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்துவது அவையடக்கம். நம் செவிலியரின் குறிப்பு செய்தியைச் சொல்லாமலே குரலைத் தாழ்த்திவிட்டது. வாசகருக்குக் கிடைப்பது மன்னிப்பு மட்டும்தான்.

செவிலியரின் குறிப்பைத் திருத்துவோம்

ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். பிறர் சரிபார்க்கக்கூடிய செய்தி எதுவோ அதன் கீழே கோடு போடுங்கள். மதிப்பீடு எதுவோ அதைச் சுற்றி வட்டம் போடுங்கள்.

செவிலியரின் ஆறு வாக்கியங்களில் கோடு விழும் சொல் ‘செவிலியர்’ ஒன்றுதான். ‘சாதாரண’, ‘அதிகம் படிக்காத’, ‘தெரியாது’, ‘ஏதோ’, ‘கிறுக்கியிருக்கிறேன்’ ஐந்தும் வட்டத்துக்குள். கடைசி இரண்டு வாக்கியங்கள் மன்னிப்பும் நன்றியும். நன்றிக்கு உரிய இடம் நன்றியுரைப் பக்கம். பின்னட்டையில் அது நூலாசிரியருக்கு உரிய வரிகளைத் தின்றுவிடுகிறது.

அடுத்த வேலை, அவரை எழுதவிடாமல் பேசவிடுவது. தாளைக் கொடுத்தால் மறுபடியும் ‘சாதாரண’ என்றுதான் எழுதுவார். பக்கத்தில் உட்கார்ந்து பாயிரத்தின் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். எந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தீர்கள்? எந்த ஊர்கள்? அந்தப் பகுதிக்குப் பஸ் வசதி எப்படி? இந்தப் புத்தகத்துக்கு ஆதாரம் உங்கள் ஞாபகம் மட்டும்தானா, வேறு ஏதாவது வைத்திருக்கிறீர்களா?

நம் மாதிரியில் அவர் சொல்லும் விடைகள் இவை. பள்ளி முடித்தபின் பதினெட்டு மாதப் பயிற்சி. 1987-இல் வேலை. 2019-இல் ஓய்வு. பெரும்பகுதி ஜவ்வாது மலைக் கிராமங்களில். துணை சுகாதார நிலையத்தில் அவர் ஒருவர்தான் இருப்பார். பார்த்த பிரசவம் ஒவ்வொன்றையும் அன்று ராத்திரியே சொந்த நோட்டில் எழுதிவைப்பார். எந்த ஊர், எத்தனை மணிக்கு வலி எடுத்தது, டோலி கட்டித் தூக்கி வந்தார்களா, ஜீப் கிடைத்ததா, தாயும் பிள்ளையும் எப்படி. அந்த நோட்டுகள் எல்லாம் இருக்கின்றன. எண்ணிப் பார்த்தால் 640 பிரசவங்கள்.

இந்த நோட்டுதான் புத்தகத்தின் உயிர். அது அவருடைய குறிப்பில் வரவேயில்லை. ‘அனுபவத்தில் பட்டதைக் கிறுக்கியிருக்கிறேன்’ என்ற வாக்கியம், முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு பிரசவம் விடாமல் எழுதிய பதிவை ஏதோ பொழுதுபோக்காகக் காட்டிவிட்டது. அடக்கம் செய்யும் பெரிய சேதம் இதுதான். வாசகர் இந்தப் புத்தகத்தை நம்புவதற்கான காரணத்தையே அது எடுத்து ஒளித்துவைத்துவிடுகிறது.

இங்கே ஒரு ஆபத்தும் காத்திருக்கிறது. இந்த விவரங்களைக் கேட்ட உற்சாகத்தில் பதிப்பகத்தார் “மலைமக்களின் தெய்வத்தாய், ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தவர்” என்று எழுதிவிடக்கூடும். அவர் பார்த்தது 640 பிரசவம். அதற்குச் சான்று நோட்டு. அவற்றில் எத்தனை உயிர் அவரால் பிழைத்தது, எத்தனை எப்படியும் பிழைத்திருக்கும் என்பதை யாரும் எண்ணிச் சொல்ல முடியாது. எண்ண முடிந்ததை விட்டுவிட்டு எண்ண முடியாததை எழுதும்போதுதான் குறிப்பு பெருமைப் பக்கம் சாய்கிறது. அவரோடு வேலை பார்த்த இன்னொரு செவிலியர் அந்த வரியைப் படித்தால் நெளிவார்.

திருத்திய குறிப்பு இப்படி அமையலாம்:

“இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் 1987 முதல் 2019 வரை கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றினார், பெரும்பகுதி ஜவ்வாது மலைக் கிராமங்களில். தான் பார்த்த ஒவ்வொரு பிரசவத்தையும் அன்றே நோட்டில் எழுதிவைத்தார். 640 பிரசவங்களைப் பற்றிய அந்தப் பதிவுகளிலிருந்து உருவானது இந்த நூல். வீட்டுப் பிரசவம் குறைந்து மருத்துவமனைப் பிரசவம் வழக்கமான காலத்தை அருகிருந்து பார்த்தவர். இது இவருடைய முதல் நூல்.”

இதில் ஒரு புகழ்ச் சொல்லும் இல்லை. மன்னிப்பும் இல்லை. ஆனால் படித்தவர் அட்டையைத் திருப்பி விலையைப் பார்ப்பார்.

வினைச்சொற்களையும் கவனியுங்கள். அடக்கக்காரர்கள் ‘பயிற்சி அளிக்கும் வாய்ப்பு கிட்டியது’, ‘தொகுக்கும் பாக்கியம் பெற்றேன்’ என்று எழுதுவார்கள். செய்தது அவர், வாக்கியத்தில் செய்தவரைக் காணோம். ‘பயிற்சி அளித்தார்’, ‘தொகுத்தார்’ என்று வினையை நேராக வைத்தாலே போதும். குறிப்பு நிமிர்ந்துவிடும்.

கவிஞரின் குறிப்பைத் திருத்துவோம்

இவருடைய ஆறு வாக்கியங்களும் வட்டத்துக்குள்ளேயே விழுகின்றன. இங்கே ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரே கேள்வி: எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

‘எண்ணற்ற விருதுகள்’ என்றால் எத்தனை? கேட்டால் மூன்று என்று வருகிறது. ஒன்று, முதல் தொகுப்புக்கு ஒரு நூலக வாசகர் வட்டம் கொடுத்த பரிசு. மற்ற இரண்டும் விழா மேடையில் பலருக்கும் சேர்த்துக் கொடுத்த பட்டங்கள். முதல் பரிசை யார் கொடுத்தார்கள், எந்த நூலுக்கு, எந்த ஆண்டு என்று எழுதலாம். விருதை எழுதும் முறையே அதுதான். சாகித்ய அகாதெமி விருது தமிழில் ஆண்டுதோறும் ஒரு குறிப்பிட்ட நூலுக்கு வழங்கப்படுகிறது. பூமணி ‘அஞ்ஞாடி’ நாவலுக்காக 2014-இல் பெற்றார், இமையம் ‘செல்லாத பணம்’ நாவலுக்காக 2020-இல் பெற்றார் என்று சொன்னால் அங்கே ஒரு அடைமொழியும் தேவைப்படுவதில்லை. வாசகர் வட்டப் பரிசையும் அதே ஒழுங்கில் எழுதினால் அதற்கு உரிய மரியாதை கிடைக்கும். எண்ணைச் சொல்லாமல் ‘எண்ணற்ற’ என்று எழுதியதும் அந்த ஒரு நல்ல பரிசும் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடுகிறது.

‘பரிந்துரைக்கப்பட்டவர்’ என்ற சொல்லும் இதே வகை. ஒரு பரிசுக்குப் பதிப்பகம் புத்தகத்தை அனுப்பிவைப்பதும், நடுவர்கள் நெடும்பட்டியலில் சேர்ப்பதும், குறும்பட்டியலுக்கு உயர்த்துவதும் வெவ்வேறு. பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023-இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. அந்த நிலையை அப்படியே சொல்வதுதான் அதன் பெருமை. தபாலில் அனுப்பிவைத்ததற்கும் அதே சொல்லைப் போட்டால், விவரம் தெரிந்த வாசகர் மீதி வரிகளையும் நம்பமாட்டார்.

‘பல மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டுள்ளன.’ கேட்டால் நான்கு கவிதைகள் மலையாளத்தில் ஒரு பத்திரிகையில் வந்திருக்கின்றன. அதை அப்படியே எழுதலாம், கௌரவமான செய்தி. ‘பன்னாட்டுக் கருத்தரங்குகள்’ என்பது ஒரு கல்லூரி நடத்திய கருத்தரங்கு. கவிதைத் தொகுப்புக்கு அதனால் பயனில்லை, எடுத்துவிடலாம். ‘உலகெங்கும் வாழும் தமிழர்கள்’ என்பதற்குப் பின்னால் இரண்டு வாசகர் கடிதங்கள் இருக்கின்றன. கடிதங்கள் அவருக்கே உரியவை, வரி வேண்டாம்.

கடைசி வரிதான் மிக மோசமானது. தன்னடக்கம் தன் அணிகலன் என்று ஒருவர் தன்னைப் பற்றி எழுதவே முடியாது. எழுதிய அந்தக் கணத்திலேயே அது பொய்யாகிவிடுகிறது. ‘எளிமையானவர்’, ‘பழகுவதற்கு இனியவர்’, ‘விளம்பரத்தை விரும்பாதவர்’ எல்லாம் இதே இனம். தன்னைப் பற்றி எழுதிய குறிப்பில் குணத்தைச் சொல்லும் சொல் எதுவாக இருந்தாலும் அடித்துவிடலாம்.

இப்படி அடித்துக்கொண்டே போனால் என்ன மிஞ்சும் என்று கவிஞர் கவலைப்படுவார். கவலை நியாயமானது. அதனால் அவரிடமும் உட்கார்ந்து பேச வேண்டும். பேசினால் தெரிகிறது: அவர் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியர். மதுரைக்காரர். வைகைக் கரைச் செடிகொடிகளைப் பார்த்துப் பெயர் எழுதிவைப்பது மாணவப் பருவத்திலிருந்தே பழக்கம். மூன்று தொகுப்புகளிலும் அந்தச் செடிகள் பெயரோடு வருகின்றன. இதை ஏன் எழுதவில்லை என்றால், “அது வேலைங்க, அதைப் போய் கவிதைப் புத்தகத்துல எப்படிப் போடறது?” என்கிறார்.

பெருமையும் மறைத்தது இதைத்தான். செவிலியர் தன் நோட்டை ஒளித்ததைப் போலவே கவிஞரும் தன் செடிகளை ஒளித்துவிட்டார். இன்னொருவருக்கு இல்லாதது, தனக்கு மட்டும் இருப்பது, ‘பன்முக ஆளுமை’ என்ற சொல்லுக்கு அடியில் புதைந்துபோனது. திருத்தினால் இப்படி வரும்:

“மதுரையில் மேல்நிலைப் பள்ளித் தாவரவியல் ஆசிரியர். வைகைக் கரைச் செடிகொடிகளை மாணவப் பருவத்திலிருந்து பதிவுசெய்துவருகிறார். இவருடைய கவிதைகளில் அவை பெயரோடு வருகின்றன. முதல் தொகுப்புக்கு வாசகர் வட்டப் பரிசு பெற்றார். நான்கு கவிதைகள் மலையாளத்தில் வெளியாகியுள்ளன. இது மூன்றாவது தொகுப்பு.”

அச்சுக்குப் போகும்போது வாசகர் வட்டத்தின் பெயரும் பரிசு தந்த ஆண்டும் சேர வேண்டும். புகழ் ஒரு வரியாவது வேண்டும் என்று பதிப்பாளர் நினைத்தால் அதற்கும் வழி இருக்கிறது. அவருடைய முந்தைய தொகுப்புக்கு மதிப்புரை எழுதியவரின் ஒரு வாக்கியத்தை, எழுதியவர் பெயரோடும் வந்த இதழின் பெயரோடும், குறிப்பிலிருந்து தள்ளித் தனியாக அச்சிடலாம். தீர்ப்பு தீர்ப்பாகவே இருக்கும்; ஆனால் அதைச் சொன்னவர் வெளிப்படையாகத் தெரிவார். உடன் கற்றவர் பாயிரம் எழுதிய ஏற்பாட்டின் இன்றைய வடிவம் அது.

இடம் மாறினால் அளவும் மாறும்

ஒரே குறிப்பை எல்லா இடத்துக்கும் அனுப்புவது அடுத்த தவறு. தற்புகழ்ச்சி கூடாது என்ற நன்னூலே அதற்கு நான்கு விலக்குகளும் தருகிறது. மன்னனின் அவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவே, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழித்தபோது. இந்த நான்கு இடங்களில் புலவர் தன்னைப் புகழ்ந்து சொல்லலாம்.

இந்த நான்கும் இன்றும் அப்படியே இருக்கின்றன. நல்கை கேட்டும் வேலை கேட்டும் அனுப்பும் விண்ணப்பம் மன்னனுக்கு எழுதும் ஓலைதான். அங்கே படிப்பவர் பல பேரிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர். நம் செவிலியர் தன் நோட்டுகளை முழுமையாகப் பதிப்பிக்க நல்கை கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது “மலைக் கிராமத் துணை சுகாதார நிலையத்தில் தனி ஆளாகப் பொறுப்பு வகித்தேன். பெரும்பாலும் ஒரே பகுதியில், ஒரே கையால் எழுதப்பட்ட, முப்பது ஆண்டுக்கு மேல் தொடரும் பதிவு என்னிடம் உள்ளது” என்று தன்மையில், நேராக எழுத வேண்டும். பின்னட்டையில் இது கொஞ்சம் உரத்துக் கேட்கும். விண்ணப்பத்தில் இதைச் சொல்லாமல் விட்டால், தேர்வு செய்பவருக்குத் தேவையான செய்தியை மறைத்ததாக ஆகும்.

மேடை அறிமுகம் வேறு. அதைத் தொகுப்பாளர் வாய்விட்டுப் படிப்பார். குறிப்புக்கு உரியவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நீளமான வாக்கியங்களும் ஆண்டுகளும் காதில் தங்காது. மூன்று செய்தி போதும்: யார், என்ன செய்தார், இன்று ஏன் பேச வந்திருக்கிறார். பழகிய கூட்டமானால் இன்னும் குறைக்கலாம். தன்னை அறிந்தவர்கள் நடுவே விலக்குக்கு வேலை இல்லை.

விலக்குகள் எதுவும் இல்லாததைச் சொல்ல அனுமதி தரவில்லை. எத்தனை செய்தியைச் சொல்வது, எதை முன்னால் வைப்பது, எவ்வளவு நேராகச் சொல்வது என்பவை மட்டுமே இடத்துக்கு ஏற்ப மாறும். செய்தி மாறாது.

கடைசி வாசிப்பு

திருத்தி முடித்ததும் இரண்டு சோதனைகள் பாக்கி இருக்கின்றன. முதலாவது, ‘இவர்’ என்று இருக்கும் இடமெல்லாம் ‘நான்’ என்று மாற்றி வாய்விட்டுப் படிப்பது. உடன் வேலை பார்த்தவர்கள் எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு படிக்க வேண்டும். சொல்லக் கூசுகிற வரி பெருமை வரி. படர்க்கை அதுவரை அதை மூடிவைத்திருந்தது. ஆனால் நல்ல செய்தியைச் சொல்லவும் கூசுகிறவர்கள் உண்டு. நம் செவிலியருக்கு ‘640’ என்று சொல்லவே கூசும். அதனால் இந்தச் சோதனை பெருமைக்காரர்களுக்குத்தான் முழுதாக உதவும்.

அடக்கக்காரர்களுக்கு இரண்டாவது சோதனை. அவர்களுடைய வேலையை அருகிலிருந்து பார்த்த ஒருவரிடம் குறிப்பைக் கொடுத்து “இதில் எது விட்டுப்போயிருக்கிறது?” என்று மட்டும் கேட்பது. “நல்லா இருக்கா?” என்று கேட்டால் “நல்லா இருக்கு” என்றுதான் பதில் வரும். எது விட்டுப்போயிற்று என்று கேட்டால், “என்னங்க, அந்த நோட்டைப் பத்தி எழுதலையா?” என்று வரும். அதே ஆள் ஏதாவது ஒரு வரியில் நின்று புருவத்தை உயர்த்தினால், அந்த வரியையும் மறுபடி பார்க்க வேண்டும்.

சில நேரம் இவ்வளவு செய்தபின்னும் குறிப்பு மூன்று வரிக்கு மேல் வராது. இளம் எழுத்தாளர், முதல் புத்தகம், சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை என்ற நிலை. அந்த வெற்றிடத்தைப் பார்த்துப் பயந்துதான் ஒருவர் மன்னிப்பைக் கொட்டுகிறார், இன்னொருவர் அடைமொழியைக் கொட்டுகிறார். இரண்டும் வேண்டாம். பிறந்த ஊர், செய்யும் வேலை, இந்தப் புத்தகத்தை எழுத வந்த காரணம், இது முதல் நூல். இந்த நான்கையும் நேராகச் சொன்னால் மூன்று வரிக் குறிப்பும் முழுமையான குறிப்புதான். மீதி இடத்தை அச்சகத்தார் காலியாக விடட்டும். அடுத்த புத்தகத்துக்கு அங்கே எழுத வேண்டிய செய்தி தானாக வந்து சேரும்.